காலையில் 15, மதியம் 14.4: கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் தப்பாகக் காட்டும்போது என்ன பார்க்க வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வாங்கிச் சாறு போடுகிற வேலை எனக்கு. பழம் எடுக்கும் பந்தலில் பிரிக்ஸ் பார்ப்பது அன்றாடக் காரியம். ஒரு பிரிக்ஸ் என்றால், நூறு கிராம் சாற்றில் ஒரு கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள் (முழு உண்மை அதில்லை, கடைசியில் சொல்கிறேன்). கையில் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் காட்டிப் பார்க்கிற, 0 முதல் 32 வரை அளவுகோல் உள்ள சாதாரண ரிஃப்ராக்டோமீட்டர்தான் என்னிடம் இருப்பது. அதில் கோடுகள் 0.2 இடைவெளியில் இருக்கும். அதற்கு மேல் நுணுக்கமாக அது காட்டாது, காட்டுவதாக நாமும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கருவியை வைத்து வரும் சண்டைகளில் பாதி வெயிலால் வருவது. அதனால் அதை முதலில், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மற்றவை அப்புறம்.

ஒரே தோட்டம், காலையில் ஒரு அளவு, மதியம் வேறு அளவு

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பந்தலில் காலை ஆறரைக்குப் பார்த்தேன், 15.0 காட்டியது. மதியம் இரண்டு மணிக்கு அதே வரிசையில் அதே கொடியில் பார்த்தால் 14.4. தோட்டக்காரர் என் பக்கத்தில்தான் நின்றார்.

"என்ன தம்பி, காலையில பதினஞ்சுன்னீங்க, ரேட் பேசுறப்ப பதினாலரைகூட இல்லையா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஏழெட்டு மணி நேரத்தில் பழத்துச் சர்க்கரை அவ்வளவு குறையாது. நல்லவேளையாக, காலையில் பிழிந்த சாற்றில் கொஞ்சம் ஒரு சின்ன மூடி போட்ட பாட்டிலில் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்து, ஜில்லிப்பு போகும்வரை நிழலில் வைத்து, அதே கருவியில் விட்டுப் பார்த்தோம். அதுவும் 14.4. அதாவது காலையில் 15 காட்டிய அதே சாறு. பழம் மாறவில்லை, கருவி சொல்வதுதான் மாறியிருக்கிறது.

காரணம் இதுதான். கருவி சர்க்கரையை நேராக அளப்பதில்லை. சாற்றுக்குள் போகிற ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை அளந்து, அதற்கு இத்தனை சர்க்கரை என்று அளவுகோலில் காட்டுகிறது. அந்த அளவுகோல் 20 டிகிரி செல்சியஸுக்குப் போட்டது. சூடானால் சாறு விரியும், அடர்த்தி குறையும், ஒளியும் குறைவாக வளையும். அதனால் 20 டிகிரிக்கு மேல் போகப் போகக் கருவி குறைத்துக் காட்டும், கீழே போனால் கூட்டிக் காட்டும்.

எவ்வளவு என்பதற்குச் சர்க்கரை ஆலைக்காரர்கள் காலங்காலமாகப் புழங்கும் திருத்த அட்டவணை இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

| வெப்பநிலை | தண்ணீருக்கு | 15 பிரிக்ஸ் சாற்றுக்கு |
|---|---|---|
| 15 டிகிரி | −0.27 | −0.33 |
| 20 டிகிரி | 0 | 0 |
| 22 டிகிரி | +0.13 | +0.14 |
| 24 டிகிரி | +0.26 | +0.29 |
| 25 டிகிரி | +0.33 | +0.37 |
| 28 டிகிரி | +0.56 | +0.61 |
| 30 டிகிரி | +0.72 | +0.78 |

35 டிகிரியில் இது ஏறக்குறைய 1.2 வரை போய்விடும். சித்திரை வெயிலில் திறந்த வெளியில் நிற்கிறவருக்கு இது சின்ன எண் அல்ல.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கூட்டிவிடுகிறவர்கள்தான் அடுத்த தப்பைச் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். அட்டவணை சொல்லும் எண், 20 டிகிரியில் தண்ணீர் விட்டு பூஜ்யம் வைத்த கருவிக்கு. நாம் எங்கே 20 டிகிரியில் பூஜ்யம் வைக்கிறோம்? அன்றைக்கு நான் பூஜ்யம் வைத்தது ஏசி ஓடுகிற அலுவலக அறையில், 24 டிகிரியில். 24 டிகிரித் தண்ணீர் தானாக −0.26 காட்டியிருக்க வேண்டும், நான் திருகைத் திருப்பி அதை 0 ஆக்கிவிட்டேன். அப்படியானால் அந்த 0.26 அன்று முழுக்க என் எல்லா அளவிலும் ஏற்கெனவே கூட்டப்பட்டு நிற்கிறது. அதைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கூட்ட வேண்டும்:

```
திருத்தம் = (அளக்கும் வெப்பநிலையில் சாற்றின் எண்)
          − (பூஜ்யம் வைத்த வெப்பநிலையில் தண்ணீரின் எண்)

காலை, 22 டிகிரி:   0.14 − 0.26 = −0.12   →  15.0 − 0.12 = 14.88
மதியம், 30 டிகிரி:  0.78 − 0.26 = +0.52   →  14.4 + 0.52 = 14.92
```

இரண்டும் 14.9. தோட்டக்காரருக்கு ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். கணக்கு அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, 14.9 என்ற எண் பிடித்திருந்தது.

இதையே வேறு விதமாகச் செய்திருந்தால் கணக்கே வேண்டியிருக்காது. மதியம் பந்தலடியிலேயே, அதே 30 டிகிரியில், தண்ணீர் விட்டு பூஜ்யத்தைத் திரும்ப வைத்திருந்தால் மிச்சத் திருத்தம் 0.78 − 0.72, அதாவது 0.06. கருவியின் ஒரு கோட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, விட்டுவிடலாம். அதனால் வெப்பநிலைக்குத் தானே சரிசெய்துகொள்ளும் ஏடிசி வசதி இல்லாத கருவி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: அட்டவணையை மறந்துவிட்டு, அளக்கிற இடத்தில், அளக்கிற நேரத்தில், பூஜ்யம் வையுங்கள். வெயில் ஏற ஏற ஒரு மணிக்கொரு தரம் வையுங்கள். அப்படிச் செய்துவிட்டு அட்டவணையையும் பார்த்து 0.78 கூட்டினால் 14.9 போய் 15.6 ஆகிவிடும், வாங்குகிறவர் தலையில் துண்டு.

ஏடிசி உள்ள கருவிதான், இருந்தும் வெயிலில் மாறுகிறது

ஏடிசி என்றால் வெப்பநிலைக்குத் தக்கபடி தானே சரிசெய்துகொள்வது. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு சின்னத் தகடு இருக்கிறது. சூட்டில் அது வளைந்து அளவுகோலையோ லென்ஸையோ கொஞ்சம் நகர்த்தும், அவ்வளவுதான், மாயம் ஒன்றும் இல்லை. இந்தக் கருவிக்கு மேலே சொன்ன அட்டவணை தேவையே இல்லை, கூட்டினால் இரண்டாம் தரம் கூட்டுவதாகிவிடும்.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. பெட்டியிலோ கருவியின் உடம்பிலோ பாருங்கள், பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரை என்று போட்டிருக்கும். நம் ஊரில் மாசி முடிந்தால் மதியத்தில் 30 என்பது ஆரம்பம். அதற்கு மேல் தகடு சரியாக ஈடுகட்டும் என்று யாரும் உறுதி தரவில்லை.

இன்னொன்று, அந்தத் தகடு இருப்பது கருவியின் உடம்புக்குள். சாறு இருப்பது மூடிக்கு அடியில் உள்ள கண்ணாடிப் பிரிசத்தின் மேல். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால்தான் ஈடு சரியாகும். வண்டி டேங்க் பைக்குள் வெயிலில் கிடந்த கருவியை எடுத்து உடனே பார்த்தால் உடம்பு சுடச்சுட இருக்கும். சட்டைப் பைக்குள் வைத்திருந்தாலும், உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாலும் அதே கதைதான். கருவியை நிழலில் ஒரு பத்து பதினைந்து நிமிடம் சும்மா வையுங்கள், அப்புறம் அளக்கும்போது ரப்பர் பிடியில் மட்டும் பிடியுங்கள்.

உங்கள் ஏடிசி நிஜமாகவே வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம், விலை குறைந்த சிலவற்றில் எழுத்து மட்டும்தான் இருக்கும். தண்ணீரை வைத்துச் சோதித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போவது தெரியாது, அளவுகோல் அங்கே முடிந்துவிடுகிறது. அதனால் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொள்ளுங்கள். 100 கிராம் சர்க்கரை, 900 கிராம் தண்ணீர், இரண்டையும் தராசில் நிறுத்து, அடியில் ஒரு பரல்கூட மிஞ்சாமல் கரைத்தால் அது 10 பிரிக்ஸ். (ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் போட்டால் அது 10 இல்லை, 9.1 தான். இங்கே நிறைய பேர் சறுக்குகிறார்கள்.) ஏசி அறையில் கருவியும் இந்தத் தண்ணீரும் அரை மணி நேரம் கிடக்கட்டும், அப்புறம் பாருங்கள். பிறகு இரண்டையும் 30 டிகிரி உள்ள இடத்தில் அரை மணி வைத்துப் பாருங்கள். 10 அப்படியே நின்றால் ஏடிசி உண்மை. இறங்கினால் அந்தக் கருவியை ஏடிசி இல்லாததாகவே நடத்துங்கள். இந்தச் சர்க்கரைத் தண்ணீரை அன்றன்றைக்குக் கலக்கிக்கொள்ளுங்கள், மறுநாளுக்கு வைத்தால் புளித்துவிடும்.

ஏடிசி கருவிக்கு பூஜ்யம் வைப்பதை மட்டும் முடிந்த அளவு 20 டிகிரிக்குப் பக்கத்தில், காலை நேரத்தில் அல்லது ஏசி அறையில் செய்வது நல்லது. சூட்டில் வைத்தால் ஈடுகட்டலில் இருக்கிற சின்னப் பிசகு பூஜ்யத்தோடு சேர்ந்து பதிந்துவிடும்.

சாறு விட்டதும் ஒரு எண், கொஞ்ச நேரத்தில் வேறு எண்

பிரிட்ஜிலிருந்து எடுத்த சாறு, அல்லது வெயிலில் காய்ந்த பழம். பிரிசத்தில் நாம் விடுவது இரண்டு மூன்று சொட்டுதான், அது சீக்கிரம் பிரிசத்தின் சூட்டுக்கு வந்துவிடும். அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள், கோடு நிற்கும். வெப்பமானி வைத்து அளக்கிறவர்கள் டம்ளரில் இருக்கும் சாற்றுக்குள் விடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் இங்கே உதவாது. வேண்டியது பிரிசத்தின் சூடு, அது நிழலில் கருவி கிடக்கிற காற்றின் சூடுதான்.

அரை நிமிடத்துக்குப் பிறகும் எண் ஏறிக்கொண்டே போனால் வேறு விஷயம், மூடியைச் சரியாக மூடவில்லை. மெல்லிய படலத்தில் தண்ணீர் ஆவியாகிச் சாறு கெட்டிப்படுகிறது. மழைக்காலத்தில் இதற்கு நேரெதிர் நடக்கும்: ஜில்லென்ற கருவியை வெளியே எடுத்ததும் பிரிசத்தில் பனி பூக்கும், அது சாற்றோடு கலந்து எண் இறங்கும். துடைத்துவிட்டு, கருவி வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பாருங்கள்.

தண்ணீர் விட்டால் பூஜ்யம் வரவில்லை

முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் உப்பு கரைந்திருந்தால் 0.1 அளவு அதிலேயே போய்விடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் போதும், மாசக்கணக்கில் வரும். அடுத்தது பிரிசத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற பழைய சாறு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் பட்டதும் கரைந்து 0.4, 0.6 என்று காட்டும். ஈரத் துணியால் மூடியின் உள்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து, இரண்டாம் தரம் தண்ணீர் விடுங்கள். அதற்கும் வராவிட்டால்தான் திருகுக்குப் போக வேண்டும், மேலே ரப்பர் மூடிக்குள் இருக்கும், கால் திருப்புக்கும் குறைவாகத்தான் தேவைப்படும். துடைக்க வேட்டி முனையை எடுக்காதீர்கள், மண் ஒட்டியிருந்தால் பிரிசம் கீறிவிடும், கீறிய பிரிசத்துக்கு வைத்தியம் கிடையாது. கருவியைத் தண்ணீரில் முக்கவும் கூடாது, உள்ளே ஈரம் போனால் லென்ஸில் மூட்டம் போடும்.

கோடு தெளிவாக இல்லை, அல்லது கோடே இல்லை

மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் கத்தி வைத்து வெட்டிய மாதிரி ஒரு கோடு, இப்படித்தான் தெரிய வேண்டும். நீலமும் வெள்ளையும் மங்கலாகக் கலந்தால் சாற்றில் சதை மிதக்கிறது. பழத்தை நசுக்கி நேராகச் சொட்டாமல், இரண்டு மடிப்பு வெள்ளைத் துணியில் பிழிந்து விடுங்கள். பன்னீர் திராட்சைத் தோலின் சாயம் இறங்கிய சாறு கருஞ்சிவப்பாக இருந்தாலும் அதனால் பெரிதாகக் கெடுதல் இல்லை, வெளிச்சம் நன்றாக இருந்தால் கோடு தெரியும். காற்றுக் குமிழி இருந்தால் மூடியைத் தூக்கித் திரும்ப விடுங்கள்.

முழுக்க நீலமாக இருந்தால் பிரிசத்தில் சாறே இல்லை, அல்லது அளவு பூஜ்யத்துக்குக் கீழே. முழுக்க வெள்ளையாக இருந்தால் 32ஐத் தாண்டிவிட்டது. ஸ்குவாஷ், பாகு எல்லாம் இப்படித்தான் காட்டும். அதற்கு 50 கிராம் ஸ்குவாஷும் 50 கிராம் தண்ணீரும் நிறுத்துக் கலக்கி, வருகிற எண்ணை இரண்டால் பெருக்குங்கள். 22.6 வந்தால் 45.2. பிழையும் இரண்டு மடங்காகும், அதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் கணக்கில் அளந்து கலக்காதீர்கள், ஸ்குவாஷ் தண்ணீரைவிடக் கனம்.

ஒரே குலையில் ஒவ்வொரு பழமும் ஒவ்வொரு எண் சொல்கிறது

அது கருவியின் குற்றமில்லை. குலையின் தோள் பக்கத்துப் பழம் நுனிப் பழத்தைவிடப் பெரும்பாலும் இனிப்பாக இருக்கும். வெளிச்சம் படுகிற பக்கத்துக்கும் பந்தல் இருட்டுக்கும் வித்தியாசம் உண்டு. விற்கிறவர் தோளிலிருந்து ஒரு பழம் எடுத்துக் கொடுப்பார், வாங்குகிறவர் நுனியில் ஒன்றைப் பிடுங்குவார், இருவருமே பொய் சொல்லவில்லை. நான் செய்வது, பந்தலில் பத்துப் பதினைந்து கொடிகளில் மேல், நடு, நுனி என்று பழம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பையில் நசுக்கி, அந்தக் கலவைச் சாற்றை மூன்று தரம் பார்ப்பது. ஒற்றைப் பழத்தில் 0.1 திருத்தத்துக்கு மல்லுக்கட்டுவதில் பிரயோசனமே இல்லை.

முந்தின நாள் மழை பெய்திருந்தால் பழத்தின் மேல் நிற்கும் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிழியுங்கள். இல்லையென்றால் மழையையும் சேர்த்து அளப்பீர்கள்.

எண் நன்றாக இருக்கிறது, வாயில் போட்டால் புளிக்கிறது

ஆரம்பத்தில் பாதி உண்மை என்று சொன்னேனே, அது இதுதான். கருவிக்குச் சர்க்கரை எது, புளிப்பு எது என்று தெரியாது, கரைந்திருக்கிற எல்லாமே ஒளியை வளைக்கும். எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள், ஏழு எட்டு காட்டும். அதில் பெரும்பகுதி சிட்ரிக் அமிலம். திராட்சை பழுத்த பிறகு கரைந்திருப்பதில் பெரும்பங்கு சர்க்கரை என்பதால் பிரிக்ஸை நம்பலாம், காய்வெட்டான பழத்தில் அந்த நம்பிக்கை குறையும். அங்கே நாக்கு சொல்வதைக் கேளுங்கள்.

மதியம் பிழிந்து வைத்த சாறு சாயங்காலம் நுரை கட்டி, பிழிந்தபோது பார்த்ததைவிட எண் குறைந்திருந்தால் வெப்பநிலைத் திருத்தமெல்லாம் போட்டு மண்டையை உடைக்காதீர்கள். நொதிக்க ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை சாராயமாகிறது, சாராயமும் தன் பங்குக்கு ஒளியை வளைக்கும், அதனால் எண் இறங்குவதைவிடச் சர்க்கரை இன்னும் அதிகமாக இறங்கியிருக்கும். அந்தச் சாற்றுக்கு இந்தக் கருவி காட்டுவதை எழுதி வைக்காமல், புதிதாகப் பழம் பிழிந்து பாருங்கள்.